புளியமரத்தில் விட்டுப்போன ஓர் எழுத்து: ஒரு சுவரொட்டியும் ஆறு தலைப்புகளும்

களியக்காவிளை பேருந்து நிலையத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த ஒரு மலையாளச் சுவரொட்டியைத் தம்பி ஒருவன் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமப் படிப்பகம் இரண்டு நாள் நிகழ்ச்சி நடத்துகிறது. முதல் நாள் மூன்று படங்கள், மறுநாள் மூன்று நாவல்களைப் பற்றிய பேச்சு. மார்த்தாண்டத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் பாதிப் பேருக்கு மலையாளம் காதில் விழுந்தால் புரியும், எழுத்தில் பார்த்தால் புரியாது. அதனால் அதைத் தமிழில் ஒரு பக்க அறிவிப்பாக மாற்றிப் பலகையில் ஒட்டலாம் என்று முடிவு செய்தோம்.

மொழிபெயர்த்த முதல் வடிவத்தில் ஆறு தலைப்புகளில் ஐந்து தவறு. நான் பார்த்துத் திருத்திய பிறகும் மூன்று தவறு மிஞ்சி, அப்படியே பலகைக்குப் போய்விட்டது. அந்த மூன்றும் மூன்று விதமான தவறுகள். ஒன்றைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு மற்றதும் தெரியும் என்று சொல்ல முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

படத்தில் இருந்தது இது. மேலே நிகழ்ச்சியின் பெயர். இடப்பக்கம் திரையிடல் பட்டியல்: செம்மீன், மதிலுகள், த்ரிஷ்யம். ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் இயக்குநர் பெயரும் ஆண்டும், பக்கத்தில் படத்திலிருந்து ஒரு காட்சி. வலப்பக்கம் நாவல்கள்: ரண்டாமூழம், ஆடுஜீவிதம், ஒரு புளிமரத்தின்டெ கத. அவற்றுக்குக் கீழே ஆசிரியர் பெயர்கள். கடைசி நாவலின் கீழே காகிதம் கிழிந்து, 'சுந்தர ரா' என்பது வரைதான் தெரிந்தது. படம் சாய்வாக எடுத்தது. வலப்பக்கத்தில் வெயில் பட்டு எழுத்து வெளுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: 'ஊழம் காத்து நில்க்குன்னவர்க்கு.'

தம்பி குளச்சல்காரன். மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகிறது, ஆனால் ஆர்வம் அதிகம். ஆறு தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, படத்தை மூடிவைத்துவிட்டு, தாளைப் பார்த்து மொழிபெயர்த்தான். அவன் கொண்டுவந்தது: இறால், மதில்கள், பாபநாசம், இரண்டாம் முழம், ஆட்டு வாழ்க்கை, ஒரு புளிமரத்தின் கதை.

கோளாறு தொடங்கிய இடம் அந்தத் தாள்தான். தலைப்பு என்பது ஒரு படைப்பின் பெயர். பெயரைச் சுவரொட்டியிலிருந்து பிய்த்துத் தாளில் வைத்த உடனே அது வெறும் சொல்லாகிவிடுகிறது. சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடத்தான் கை போகும். கூடவே இருந்த ஆசிரியர் பெயர், ஆண்டு, நடிகரின் முகம் எல்லாம் 'இது எந்தப் படைப்பு' என்று சொல்ல வந்தவை. அவற்றை விட்டுவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

எளிதாகத் தீர்ந்த மூன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

'மதிலுகள்' தமிழில் 'மதில்கள்'. பஷீரின் கதை தமிழில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது, நேர்ப்பொருளும் அதுதான். படம் அடூர் கோபாலகிருஷ்ணன் 1990இல் எடுத்தது. இரண்டு வழியும் ஒரே இடத்தில் சேருகிறபோது யோசிக்க ஒன்றுமில்லை.

'ஆடுஜீவிதம்' பென்யாமினின் நாவல். தமிழிலும் 'ஆடுஜீவிதம்' என்றே வந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஆட்டு வாழ்க்கை' தவறில்லை. ஆனால் அந்தப் பெயரோடு புத்தகக் கடைக்குப் போனால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். இங்கே சுவரொட்டி இன்னொரு உதவியும் செய்திருந்தது. தலைப்புக்குக் கீழே ஆங்கிலத்தில் 'கோட் டேஸ்' என்று இருந்தது. அது நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு உள்ள பெயர். 2024இல் பிளெஸ்ஸி எடுத்த படத்தின் ஆங்கிலப் பெயர் 'தி கோட் லைஃப்'. ஆக, பேசப்போவது நாவலைப் பற்றியா படத்தைப் பற்றியா என்ற சந்தேகத்தை அந்தச் சின்ன எழுத்தே தீர்த்துவிட்டது.

'செம்மீன்' விஷயத்தில் தம்பியின் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது. "அக்கா, எங்க கடப்புறத்துல யாரும் செம்மீன்னு சொல்ல மாட்டாங்க. இறால்தான். மலையாளத்துல செம்மீன்னா இறால்தானே?" என்று கேட்டான். அவன் சொன்னது சரி. மலையாளத்தில் அது இறாலுக்குள்ள அன்றாடப் பெயர். தமிழில் 'செம்மீன்' என்று தனியாகச் சொன்னால் சிவந்த மீன் என்று படும். புறநானூற்றுக்குப் போனால் அது வானத்தில் இமைக்கிற செந்நிற விண்மீன். பொருளை மட்டும் பார்த்தால் 'இறால்' என்பதுதான் நேரான மொழிபெயர்ப்பு. ஆனால் தகழியின் நாவலைத் தமிழில் தந்தவர் நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி. 1962இல் சாகித்திய அகாதெமி வெளியீடாக வந்த அந்தப் புத்தகத்தின் பெயர் 'செம்மீன்'. ராமு காரியத்தின் 1965ஆம் ஆண்டுப் படத்தையும் தமிழர்கள் அந்தப் பெயரில்தான் அறிவார்கள். 'இறால்' என்று போட்டால் ஏதோ மீன்வளத் துறைக் கூட்டம் என்றுதான் நினைப்பார்கள். திருத்தினேன்.

'ஆட்டு வாழ்க்கை'யையும் அப்போதே திருத்தினேன். 'இரண்டாம் முழம்' தவறு என்பது பார்த்ததுமே தெரிந்தது. அதை 'இரண்டாம் முறை' என்று மாற்றினேன். மற்ற இரண்டும் கண்ணில் படவில்லை. அப்போது நான் பேருந்தில் இருந்தேன். கையில் இருந்தது தம்பி தட்டச்சு செய்து அனுப்பிய பட்டியல் மட்டும். சுவரொட்டிப் படத்தைத் திறந்து பார்க்கவில்லை. அவன் செய்த அதே தவறை நானும் செய்தேன். அறிவிப்பு அன்று மாலையே பலகைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போனது.

பாபநாசம்

முதலில் வந்தது இதைப் பற்றிய கேள்வி. குழுவில் ஒரு அக்கா, "கமல் படத்தையா மலையாளத்துக்காரங்க போடுறாங்க?" என்று கேட்டிருந்தார்.

தம்பி ஏன் அப்படிப் போட்டான் என்பது எளிதில் புரியும். 'த்ரிஷ்யம்' என்றால் காட்சி, கண்ணால் காண்பது. 'காட்சி' என்று போட்டால் யாருக்கும் புரியாது என்று அவனுக்கே தெரிந்திருந்தது. 'நிலைபெற்ற தமிழ்ப் பெயர் இருந்தால் அதைத்தான் போட வேண்டும்' என்று நான் முன்பு ஒருமுறை சொன்னது அவன் நினைவில் இருந்தது. கதையைத் தமிழர்கள் எந்தப் பெயரில் பார்த்தார்கள் என்று யோசித்தான், 'பாபநாசம்' வந்தது. அதற்கு வசனம் எழுதியவர் ஜெயமோகன், நம் மாவட்டத்துக்காரர். பேச்சு முழுக்கத் திருநெல்வேலி வழக்கு. இங்கே உள்ளவர்களுக்கு மலையாளப் படத்தைவிட அது நெருக்கமாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் அது இன்னொரு படம். 2013இல் வந்த மலையாளப் படத்தில் மோகன்லால் நடித்த பாத்திரம் ஜார்ஜ்குட்டி. 2015இல் வந்த தமிழ்ப் படத்தில் கமல்ஹாசன் நடித்த பாத்திரம் சுயம்புலிங்கம். இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப்தான், கதையும் ஒன்றுதான். இருந்தாலும் ஊர் வேறு, ஆட்கள் வேறு, ஓடுகிற படச்சுருளே வேறு. மறுஆக்கத்துக்கு வைத்த பெயர் மூலப் படத்தின் பெயராகாது. மொழிமாற்றம் செய்து வந்திருந்தால் விஷயம் வேறு. அப்போது அதே படம்தான் தமிழ்க்குரலில் ஓடுகிறது, அதற்கு வைத்த தமிழ்ப் பெயர் அந்தப் படத்துக்கே உரிய பெயர். 'நிலைபெற்ற பெயர்' என்று நான் சொல்லிக்கொடுத்தபோது இந்த வேற்றுமையைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். யாருடைய நிலைபெற்ற பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க அகராதியோ இணையமோ வேண்டாம். சுவரொட்டியில் தலைப்புக்குப் பக்கத்திலேயே மோகன்லாலின் முகம் இருக்கிறது. தலைப்பை மாற்றி எழுதிய பிறகு ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்து, 'இந்தப் பெயர் உள்ள படத்தில் இவர் இருக்கிறாரா' என்று கேட்டுக்கொண்டால் போதும். பாபநாசத்தில் அவர் இல்லை; அதோடு முடிந்தது. 'மணிச்சித்ரதாழு' என்ற தலைப்பைப் பார்த்ததும் 'சந்திரமுகி' என்று எழுதத் தோன்றுகிறவர்களுக்கும் இதே சோதனை உதவும். மலையாளச் சுவரொட்டியில் இருப்பது ஷோபனாவின் முகம்.

சரி, அப்படியானால் என்ன போடுவது? அந்தப் படத்துக்கென்று தனித் தமிழ்ப் பெயர் இல்லாதபோது ஒலியை அப்படியே எழுதுவதுதான் வழி: 'த்ரிஷ்யம்'. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. 'பாபநாசம் படத்தின் மூலம்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்த்தோம். தம்பி தேடியது அந்தக் குறிப்பைத்தான். அது தலைப்பின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

முழமும் முறையும் இடமும்

'இரண்டாம் முழம்' எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மலையாளத்தில் அந்தத் தலைப்பை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவார்கள்: ரண்டாமூழம். பிரித்தால் ரண்டாம், ஊழம். சேரும்போது மகரமெய்யும் ஊகாரமும் கலந்து 'மூ' ஆகிறது. பிரிக்கத் தெரியாமல் பார்த்தால் 'ரண்டா, மூழம்' என்று தோன்றும். அப்புறம் வெயில் பட்ட பகுதி. மலையாள எழுத்தில் 'மு'வுக்கும் 'மூ'வுக்கும் உள்ள வேற்றுமை எழுத்தின் வலப்பக்கம் தொங்குகிற சிறு சுழியில் இருக்கிறது. நெடிலுக்கு ஒரு சுழி கூடுதல். அந்தச் சுழிதான் வெளுத்துப்போயிருந்தது. 'முழம்' தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. தோவாளைப் பூவை முழம் போட்டு வாங்குகிற ஊர்க்காரனுக்கு அந்தச் சொல் நாக்கில் தயாராக இருந்தது.

படத்தில் எழுத்து தெளிவாக இல்லாதபோது மனம் தனக்குத் தெரிந்த சொல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிடும். அதற்குக் காவல், தலைப்பை அதே சுவரொட்டியில் வேறு எங்காவது மறுபடி பார்க்க முடிகிறதா என்று தேடுவதுதான். இங்கே அது அடிவரியிலேயே இருந்தது. 'ஊழம் காத்து நில்க்குன்னவர்க்கு' என்பதில் 'ஊழம்' தனிச்சொல்லாக, நிழல் விழுந்த பகுதியில், தெளிவாக இருந்தது. கீழே ஆசிரியர் பெயர் எம்.டி. வாசுதேவன் நாயர். இரண்டையும் சேர்த்தால் வேறு வாசிப்புக்கு இடமே இல்லை.

ஊழம் என்றால் முறை, ஒருவருக்குப் பின் ஒருவராக வருகிற வரிசையில் தன்னுடைய முறை. 1984இல் வந்த இந்த நாவல் மகாபாரதத்தைப் பீமனின் பார்வையில் சொல்கிறது. எல்லாவற்றிலும் அண்ணனுக்கு அடுத்தவன், திரௌபதியிடம்கூட இரண்டாவது முறைக்குக் காத்திருக்க வேண்டியவன். தலைப்பு அதைத்தான் சுட்டுகிறது. நான் 'இரண்டாம் முறை' என்று மாற்றியது இந்தப் பொருளை நினைத்துத்தான். பொருள் சரி, பெயர் தவறு. நாவல் தமிழில் குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பில் 'இரண்டாம் இடம்' என்ற பெயரில் இருக்கிறது. எனக்கு அது தெரியாமல் இல்லை. வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பேருந்தில் 'முழம்' என்ற தவற்றைப் பார்த்ததும் அதைத் திருத்துகிற வேகத்தில் சொல்லைத்தான் திருத்தினேன், படைப்பைத் தேடவில்லை.

பலகையில் பார்த்த ஒருவர் நூலகத்தில் வந்து 'இரண்டாம் முறை' இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நூலகர் சார் பதிவேட்டில் தேடிவிட்டு இல்லை என்று அனுப்பிவிட்டார். புத்தகம் மூன்றடி தூரத்தில் இருந்திருக்கிறது.

இதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது நூலகர் சாருக்கும் எனக்கும் கொஞ்சம் நேரம் பேச்சு ஓடியது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "நீங்க 'இரண்டாம் இடம்'னு போட்டா அடிவரி என்ன ஆகும்? அவங்க தலைப்புல உள்ள ஊழத்தை வெச்சுத்தான் அந்த வரியையே எழுதியிருக்காங்க. தன் முறைக்காகக் காத்து நிக்கிறவங்களுக்குன்னு நிகழ்ச்சியையே அர்ப்பணிச்சிருக்காங்க. தலைப்புல இடம், அடியில முறைன்னா தொடர்பு அறுந்துபோகுது. 'இரண்டாம் முறை'ன்னே விட்டா என்ன?"

முதலில் எனக்கும் பதில் இல்லை. சுவரொட்டி தன் தலைப்பின் சொல்லை எடுத்து விளையாடும்போது நிலைபெற்ற பெயர் அந்த விளையாட்டைக் கெடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் இரண்டு காரணங்களால் அவர் சொன்ன வழிக்குப் போகவில்லை.

ஒன்று, தமிழில் 'இரண்டாம் முறை' என்று தனியாக எழுதினால் அது பீமனின் முறை என்று யாருக்கும் படாது. 'இரண்டாவது தடவை' என்றுதான் படும். இரண்டாம் முறை வெற்றி, இரண்டாம் முறை அபராதம் என்று தினமும் செய்தித்தாளில் பார்க்கிற சொல் அது. மலையாளத்தில் ஊழம் என்றதும் முதலில் தோன்றுவது வரிசையில் வருகிற முறைதான். அதனால்தான் அங்கே தலைப்பு துலங்குகிறது. நேர்ப்பொருள் என்று நாம் நம்பியது தமிழுக்கு வந்ததும் வேறு பொருளுக்குச் சாய்ந்துவிடுகிறது. 'இரண்டாம் ஊழ்' என்று போடலாமா என்றும் ஒருவர் கேட்டார். பழந்தமிழில் ஊழுக்கு முறை என்ற பொருள் உண்டு. ஆனால் இன்றைக்கு ஊழ் என்றால் குறளின் 38ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வரும். விதி என்றுதான் கொள்வார்கள். நாவலுக்கு அது ஒரு கனமான பொருளைத் தந்துவிடும், ஆனால் தலைப்பில் உள்ள பொருள் அது இல்லை. இந்தப் பின்னணியில் பார்த்தபோது 'இடம்' என்ற சொல்லைத் தேர்ந்தது எவ்வளவு நல்ல முடிவு என்று எனக்குத் தோன்றியது. வரிசையில் இரண்டாவதாக நிற்பவன் என்பது ஒரே பார்வையில் வந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், அறிவிப்பைப் படிப்பவர் செய்யப்போகிற வேலை. பேச்சுக்கு முன் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பெயர் வேண்டும். அடிவரியின் அழகு போனால் நிகழ்ச்சிக்கு ஒன்றும் குறையாது. பெயர் போனால் புத்தகமே கைக்கு வராது. சுவரொட்டி ஒரு கவிதைப் போட்டிக்கானதாகவோ, 'இதில் என்ன எழுதியிருக்கிறது' என்று வெறும் ஆர்வத்தில் ஒருவர் கேட்டதாகவோ இருந்திருந்தால் நான் நூலகர் சார் பக்கம் சாய்ந்திருப்பேன்.

கடைசியில் தலைப்பு 'இரண்டாம் இடம்' என்று போனது. அடைப்புக்குறிக்குள் 'ரண்டாமூழம்' என்று ஒலியை எழுதினோம். அடிவரியை 'தன் முறை வரும்வரை காத்து நிற்பவர்களுக்கு' என்று பொருள்படி மொழிபெயர்த்து, அதன் கீழே ஒரே ஒரு வரி: 'மலையாளத் தலைப்பில் உள்ள ஊழம் என்ற சொல்லுக்கு முறை என்று பொருள்.' ஒலி ஓரிடத்தில், பெயர் ஓரிடத்தில், பொருள் ஓரிடத்தில் நின்றது. நூலகர் சார் அடிவரியைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

நிலைபெற்ற தமிழ்ப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தம்பி கேட்டதற்குச் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன். தலைப்பை வைத்துத் தேடாதே, ஆசிரியரை வைத்துத் தேடு. 'ஊழம்' என்று தேடினால் 'இரண்டாம் இடம்' எப்படி வரும்? நூலகப் பதிவேட்டிலோ பதிப்பகப் பட்டியலிலோ எம்.டி.யின் பெயருக்குக் கீழே தமிழில் என்னென்ன வந்திருக்கிறது என்று பார். பிறகு சந்தேகப்படுகிற புத்தகத்தை எடுத்து, முகப்புக்கு அடுத்த பக்கத்தில் பதிப்பு விவரத்தைப் பார். மொழிபெயர்ப்பு நூல்களில் பெரும்பாலும் மூல நூலின் பெயர் அங்கே இருக்கும். சாகித்திய அகாதெமி வெளியீடுகளில் இன்னார் எழுதிய இன்ன மொழி நாவலின் தமிழாக்கம் என்று ஆங்கிலத்தில் முழு வரியே இருக்கும். மூலத்தின் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே தாளில் அச்சாகியிருக்கிற இடம் அது. அதைக் கண்ணால் பார்த்தால் வேறு சான்று வேண்டியதில்லை.

புளிமரம்

மூன்றாவது தவறு ஒரு நாள் முழுக்கப் பலகையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. மறுநாள் மாலை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மக்கா, பலகையில 'ஒரு புளிமரத்தின் கதை'ன்னு போட்டிருக்கியளே, அது எந்தப் புத்தகம்?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அது நம்முடைய புத்தகம். சுந்தர ராமசாமி 1966இல் வெளியிட்ட 'ஒரு புளியமரத்தின் கதை'. ஆற்றூர் ரவிவர்மா மலையாளத்தில் மொழிபெயர்த்தார். மலையாளத்தில் அந்த மரத்துக்குப் பெயர் புளிமரம்; அதனால் அங்கே 'ஒரு புளிமரத்தின்டெ கத'. அதை மறுபடி தமிழாக்கினோம். சொல்லுக்குச் சொல் சரியாகவே வந்தது, ஓர் எழுத்து மட்டும் விட்டுப்போனது.

'பாபநாசம்' போல இது உடனே உறுத்தாது. 'புளிமரம்' தமிழிலும் பொருள் தரும். கண் தானாகவே அந்த யகரத்தைச் சேர்த்துப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். பலகை முன்னால் நின்று படித்த எத்தனையோ பேர் அப்படித்தான் படித்திருப்பார்கள். நானும் பேருந்தில் அப்படித்தான் படித்தேன். இந்த மாவட்டத்தில், அவர் வாழ்ந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், அந்தப் பெயர் தவறாகத் தொங்கியது என்பது எனக்கு மற்ற இரண்டையும்விட வலித்தது.

தம்பியின் பட்டியலில் இதற்கு எதிரே ஆசிரியர் பெயர் இருந்திருந்தால் தவறு நடந்திருக்காது. 'சுந்தர ரா' என்று பாதி கிழிந்த பெயர் போதும். மலையாளத்தில் எழுதிய ஒருவரின் பெயராக அதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறமொழிச் சுவரொட்டியில் நம் மொழி எழுத்தாளரின் பெயர் இருந்தால் அங்கே மொழிபெயர்க்க எதுவும் இல்லை என்று பொருள். மூலத்தின் அட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுத வேண்டியதுதான். தமிழ்ப் பெயரை நாம் அமைக்கவும் கூடாது, 'சீர்செய்யவும்' கூடாது. மூலத்தின் தலைப்பில் பழைய எழுத்துமுறையோ நிறுத்தக்குறியோ இருந்தால் அதுவும் அப்படியே. அவருடைய இன்னொரு நாவல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. அந்த முக்காற்புள்ளி உட்படத்தான் தலைப்பு.

இதே நாவல் ஆங்கிலச் சுவரொட்டியில் வந்திருந்தால் வேலை இன்னும் கடினம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் உண்டு. ஒன்றின் பெயர் 'டேல் ஆஃப் எ டாமரிண்ட் ட்ரீ', மற்றதன் பெயர் 'டாமரிண்ட் ஹிஸ்டரி'. இரண்டாவதில் மரமும் இல்லை, கதையும் இல்லை. அதை நேர்ப்பொருளில் மாற்றினால் 'புளி வரலாறு' என்று சமையல் புத்தகம் போல ஒன்று வந்து நிற்கும். ஆசிரியர் பெயரைப் பார்த்துவிட்டுத் தலைப்புக்கு வருகிறவர் இரண்டு சுவரொட்டியிலிருந்தும் ஒரே தமிழ்ப் பெயருக்குத்தான் வந்து சேருவார்.

ஆசிரியர் சாருக்கு நன்றி சொல்லிவிட்டு அன்று இரவே திருத்தினோம். இந்த முறை சுவரொட்டிப் படத்தை மேசையில் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு விஷயம் எழுதினோம்: படத்தில் உள்ள எழுத்தின் ஒலி, எந்தப் படைப்பு, அதற்குத் தமிழில் உள்ள பெயர், சொல்லின் பொருள். இரண்டாவது கட்டம் நிரம்பாமல் மூன்றாவதுக்குப் போகக் கூடாது என்று தம்பியே சொன்னான். த்ரிஷ்யத்துக்கு மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது; அதனால் ஒலியை எழுதினோம். புளியமரத்துக்கு மூன்றாவது கட்டத்தில் எழுதுவதற்கு முன் தம்பி அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அட்டையைப் பார்த்து எழுதினான்.

பலகையில் இப்போது இருப்பது இது:

திரையிடல் (மலையாளம்): 'செம்மீன்', 1965, ராமு காரியத். 'மதில்கள்' (மதிலுகள்), 1990, அடூர் கோபாலகிருஷ்ணன். 'த்ரிஷ்யம்', 2013, ஜீத்து ஜோசப். 'பாபநாசம்' படத்தின் மூலம்.

நாவல் பேச்சு: 'இரண்டாம் இடம்' (ரண்டாமூழம்), எம்.டி. வாசுதேவன் நாயர், தமிழில் குறிஞ்சிவேலன். 'ஆடுஜீவிதம்', பென்யாமின். 'ஒரு புளியமரத்தின் கதை', சுந்தர ராமசாமி; பேச்சு மலையாள மொழிபெயர்ப்பை முன்வைத்து.

தன் முறை வரும்வரை காத்து நிற்பவர்களுக்கு.